தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு: ஆளைத் தானாகப் பிரித்தெடுக்கும்போது வரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழியும்

அறுபதாம் கல்யாணம் ஒன்றின் குடும்பப் படம். மூத்த மகள் வெளிநாட்டில் இருந்ததால் வர முடியவில்லை. தன் வீட்டு மொட்டைமாடியில் பட்டுப்புடவை கட்டி, மல்லிகை வைத்து, கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தார். அவரை மண்டபத்துக் குழுப்படத்தில் தம்பிக்குப் பின்னால் நிற்க வைக்க வேண்டும். முதல் பிரதியைப் பார்த்த அம்மா, "எல்லாம் சரிதான் தம்பி, ஆனால் இவள் தலையைச் சுற்றி மட்டும் ஏன் சாமி படத்தில் இருப்பதுபோல வெளிச்சம்?" என்று கேட்டார். அந்த ஒரு படத்தில் வந்த கோளாறுகளையும், ஒவ்வொன்றையும் எப்படி அடையாளம் கண்டு சரிசெய்தேன் என்பதையும் வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆளைப் பிரிக்கும் மாடல் பதில் சொல்லும் கேள்வி, "ஆள் எங்கே இருக்கிறார்?" என்பது. ஒட்டுப்படத்துக்கு நமக்கு வேண்டிய பதிலோ, "இந்த ஒரு பிக்சலில் எத்தனை பங்கு ஆள், எத்தனை பங்கு பின்னணி?" என்பது. தோளிலும் கையிலும் இரண்டு கேள்விக்கும் ஏறத்தாழ ஒரே பதில்தான். தலைமுடியில் அப்படி இல்லை. முதல் கேள்விக்கான பதில் தவறாக இருந்தால் மாடலைச் சரிப்படுத்த வேண்டும். இரண்டாவது தவறாக இருந்தால் மாடலை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. அந்தப் பங்கைக் கணக்கிடும் மேட்டிங் என்ற அடுத்த படிக்குப் போக வேண்டும்.

முதலில், பிழையைப் பார்க்கும் முறை

வெட்டிய ஆளை நேராகப் புதிய பின்னணியில் வைத்துப் பார்க்காதீர்கள். சில பிழைகளைப் புதிய பின்னணி மறைத்துவிடும். ஆளுக்குக் கீழே நான்கு தட்டையான நிறங்களை மாற்றி மாற்றி வைத்து, 100 சதவீத அளவில் விளிம்பு முழுவதையும் ஒரு சுற்று பாருங்கள். கறுப்பின் மேல் வெளிச்ச விளிம்பு தெரியும். வெள்ளையின் மேல் கருமையான விளிம்பு தெரியும். நடுச் சாம்பலின் மேல் மூடுபனி போன்ற மிச்சம் தெரியும். அடர் இளஞ்சிவப்பின் மேல் உடலுக்குள் இருக்கும் ஓட்டை தெரியும்.

பிறகு மாஸ்க்கை, அதாவது ஆளை வெள்ளையாகவும் பின்னணியைக் கறுப்பாகவும் காட்டும் வெட்டு வரைபடத்தை, மட்டும் கறுப்பு வெள்ளைப் படமாகத் திறந்து, லெவல்ஸில் வெள்ளை முனையை 255இலிருந்து 25க்கு இழுத்துப் பாருங்கள். பத்து மடங்கு பிரகாசமாகும்போது, வெறும் கண்ணுக்குச் சுத்தக் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் 3, 4 என்ற மதிப்பில் கிடந்த அழுக்கெல்லாம் வெளியே வந்துவிடும். இது பார்ப்பதற்கு மட்டும்தான். பார்த்து முடித்ததும் பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.

அறிகுறி: மாஸ்க் படுத்துக்கிடக்கிறது, அல்லது ஆளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை

இதை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் இது மாடலின் பிழையே அல்ல. கைப்பேசி பெரும்பாலும் படத்தைப் படுக்கையாகவே சேமித்து, "திருப்பிக் காட்டு" என்ற குறிப்பை மட்டும் கோப்பில் எழுதி வைக்கும். ஒரு மென்பொருள் அந்தக் குறிப்பை மதிக்கும், இன்னொன்று மதிக்காது. பைத்தானில் ஓபன்சிவி வழக்கமாகத் திருப்பித்தான் திறக்கும். பில்லோ, நாம் சொல்லாவிட்டால் திருப்பாது. ஒன்றில் மாஸ்க் எடுத்து மற்றொன்றில் ஒட்டினால், 3024×4032 படத்துக்கு 4032×3024 மாஸ்க் வந்து நிற்கும்.

ஆகவே வேலையைத் தொடங்கும்போதே படத்தை நிமிர்த்தி, இழப்பில்லாத கோப்பாகச் சேமித்துக்கொண்டு, அதற்குப் பிறகு மூலக்கோப்பைத் தொடாமல் இருப்பது நல்லது.

```python
from PIL import Image, ImageOps
im = ImageOps.exif_transpose(Image.open("akka.jpg")).convert("RGB")
im.save("akka.png")
```

மூலக்கோப்பு பற்றி இன்னொரு சொல். வாட்ஸ்அப்பில் படமாக வந்ததை வைத்துத் தொடங்காதீர்கள். அதையே ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பும்போது சுருங்கிவிடுகிறது, அழுத்தமும் கூடுகிறது. ஜேபெக் முறை படத்தை 8×8 கட்டங்களாகப் பிரித்து அழுத்துவதால் முடியோரத்தில் கட்டம் கட்டமாக நடுக்கம் வரும். நிறத்தைப் பெரும்பாலும் பாதித் துல்லியத்தில்தான் அது சேமிக்கும் என்பதால் சிவப்புப் புடவையின் ஓரம் வானத்துக்குள் கசியும். பின்னணியை மங்கலாக்கும் "போர்ட்ரைட்" வசதியில் எடுத்த படமும் வேண்டாம். கைப்பேசி ஏற்கெனவே ஒரு மாஸ்க் போட்டு, பறக்கும் முடியைப் பின்னணியோடு சேர்த்துக் குழைத்திருக்கும். அந்த முடியை இனி எந்த மாடலாலும் மீட்க முடியாது. இந்த அக்காவிடம் நல்லவேளையாக மங்கலாக்காத மூலப்படமும் இருந்தது.

அறிகுறி: ஆள் சரி, ஆனால் முடி தலைக்கவசம் போல இருக்கிறது

பின்னணியை நீக்கும் rembg என்ற கருவியால் முதல் மாஸ்க்கை இப்படி எடுத்தேன்:

```
rembg i -m birefnet-portrait -om akka.png mask.png
```

உடல், புடவை, கை எல்லாம் துல்லியமாக வந்தன. காதோரம் பறந்த முடி மட்டும் ஒரே கட்டியாக வழவழவென்று வெட்டப்பட்டிருந்தது. மாடல் மோசம் என்று நினைத்து வேறு மூன்று மாடல்களைச் சோதிப்பதில்தான் இந்த இடத்தில் பலருக்கு நேரம் போகிறது. காரணம் வெறும் அளவுக் கணக்கு.

இந்த மாடல் எந்தப் படத்தையும் 1024×1024 அளவுக்குச் சுருக்கித்தான் பார்க்கிறது. rembg-இன் இயல்பான மாடலான `u2net` இன்னும் சிறியதாக, 320×320 அளவில் பார்க்கிறது. நம் படம் 4032 பிக்சல் உயரம். அதை 1024ஆகச் சுருக்கினால் உயரத்தில் ஏறத்தாழ 4 பிக்சல்கள் ஒன்றாகிவிடுகின்றன. 320 என்றால் 12க்கும் மேல். தனி முடி ஒன்று நம் படத்தில் 2 பிக்சல் தடிமன்தான். சுருக்கிய படத்தில் அது அரைப் பிக்சல், அதாவது வானத்தின் நிறத்தில் ஒரு மெல்லிய கறை. மாடலுக்கு அந்த முடி கண்ணிலேயே படவில்லை. பிறகு வந்த சிறிய மாஸ்க்கை மென்பொருள் 4032க்கு இழுத்துப் பெரிதாக்குகிறது. அந்த வழவழப்பு அங்கிருந்துதான் வருகிறது.

இதை உறுதிசெய்ய எளிய சோதனை உண்டு. மூலப்படத்தை நீங்களே 1024க்குச் சுருக்கித் திறந்து பாருங்கள். உங்கள் கண்ணுக்கே முடி தெரியவில்லை என்றால் மாடலைக் குறைசொல்ல எதுவும் இல்லை.

தீர்வு, தலையை மட்டும் தனியாக வெட்டி அதே மாடலுக்குக் கொடுப்பது.

```python
im.crop((980, 420, 2080, 1520)).save("thalai.png")
```

இது 1100×1100 துண்டு. 1024ஆகச் சுருங்கினாலும் ஏறத்தாழ அதே அளவு. இதை மறுபடி rembg-க்குக் கொடுத்து `thalai_mask.png` எடுத்தால் முடிக்கற்றைகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். முகத்தை மட்டும் நெருக்கி வெட்டாதீர்கள். தோளும் மார்பும் சட்டத்துக்குள் இருந்தால்தான் மாடலுக்கு இது ஓர் ஆள் என்ற பிடி கிடைக்கும். அடுத்து, வெட்டிய துண்டின் அடி ஓரத்தில் மாஸ்க் சற்றுத் தடுமாறும், ஆகவே அந்த ஓரத்திலேயே முழு மாஸ்க்கோடு சேர்க்காதீர்கள். என் துண்டு 1520ஆம் வரியில் முடிகிறது. 1320ஆம் வரிக்கு மேலே தலை மாஸ்க், 1420க்குக் கீழே முழு மாஸ்க், இடையிலுள்ள 100 வரிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக மாறும்படி வைத்தேன். அந்த இடத்தில் புடவை போர்த்திய தோளின் தெளிவான விளிம்புதான் இருந்தது, இணைப்பு தெரியவில்லை.

முடிக்காக மாஸ்க் விளிம்பை மொத்தமாக மங்கலாக்கும் வழக்கம் நம்மிடையே நிறைய இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 3 பிக்சல் ஃபெதர் முடிக்குப் போதாது, ஆனால் வளையலுக்கும் புடவைக் கரைக்கும் மிக அதிகம். இரண்டையும் கெடுக்கும்.

அறிகுறி: முடி வந்துவிட்டது, ஆனால் அதைச் சுற்றி வெளிச்சக் கோடு

அம்மா பார்த்தது இதைத்தான். மாஸ்க் சரியாக இருக்கும்போதும் வரக்கூடிய பிழை என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முடியோரத்துப் பிக்சல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 40 சதவீதம் முடி, 60 சதவீதம் வானம். முடியின் பிரகாசம் 30, வானத்தின் பிரகாசம் 240. கேமரா பதிவுசெய்தது இரண்டின் கலவை: 0.4 × 30 + 0.6 × 240 = 156. மாஸ்க் மிகச் சரியாக 0.4 என்று சொல்லிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மண்டபச் சுவரின் பிரகாசம் 50. இப்போது வழக்கம்போல ஒட்டினால் 0.4 × 156 + 0.6 × 50 = 92. உண்மையில் அவர் மண்டபத்தில் நின்றிருந்தால் அந்தப் பிக்சல் 0.4 × 30 + 0.6 × 50 = 42 ஆக இருந்திருக்கும். 42 இருக்க வேண்டிய இடத்தில் 92 இருக்கிறது. தலையைச் சுற்றி ஒளிவட்டமாகத் தெரிந்தது அந்த 50 வித்தியாசம்.

மாஸ்க் பழைய வானத்தை மறைத்ததே தவிர, பிக்சலின் நிறத்துக்குள் ஊறியிருந்த வானத்தை வெளியேற்றவில்லை. மாஸ்க்கை 1, 2 பிக்சல் உள்ளே சுருக்கினால் கோடு போவதுபோலத் தெரியும், ஆனால் கோட்டோடு முடியும் போய்விடும். சரியான வழி, ஒவ்வொரு விளிம்புப் பிக்சலுக்கும் அதன் உண்மையான முன்னணி நிறத்தைக் கணக்கிட்டு மாற்றுவது. போட்டோஷாப்பில் "செலக்ட் அண்ட் மாஸ்க்" சாளரத்தின் அடியில் `Decontaminate Colors` என்று இருப்பது இந்த வேலையைத்தான் செய்கிறது. அதைத் தேர்ந்தால் வெளியீடு வெறும் மாஸ்க்காக வராது, புதிய அடுக்காக வரும், ஏனென்றால் பிக்சலின் நிறமே மாறுகிறது.

பைத்தானில் பைமேட்டிங் நூலகம் இரண்டு படிகளையும் தருகிறது: எத்தனை பங்கு என்று கண்டுபிடிப்பது ஒன்று, தூய நிறத்தைக் கண்டுபிடிப்பது மற்றொன்று. அதற்கு முன் ட்ரைமேப் வேண்டும். அது மூன்று வண்ண வரைபடம்: உறுதியாக ஆள் வெள்ளை, உறுதியாகப் பின்னணி கறுப்பு, தெரியாத இடம் சாம்பல். மாடல் கொடுத்த மாஸ்க்கிலிருந்தே அதைத் தயாரித்துக்கொள்ளலாம்.

```python
import cv2, numpy as np
from pymatting import estimate_alpha_cf, estimate_foreground_ml

img = cv2.cvtColor(cv2.imread("thalai.png"), cv2.COLOR_BGR2RGB) / 255.0
m = cv2.imread("thalai_mask.png", 0)
fg = cv2.erode((m > 240).astype(np.uint8), np.ones((15, 15), np.uint8))
bg = cv2.dilate((m > 10).astype(np.uint8), np.ones((61, 61), np.uint8))
tri = np.full(m.shape, 0.5)
tri[fg == 1] = 1.0
tri[bg == 0] = 0.0
alpha = estimate_alpha_cf(img, tri)
F = estimate_foreground_ml(img, alpha)
```

15 என்ற எண் உறுதியான ஆள் பகுதியை 7 பிக்சல் உள்ளே தள்ளுகிறது. 61 என்பது தெரியாத பட்டையை 30 பிக்சல் வெளியே விரிக்கிறது. பறக்கும் முடி முழுவதும் அந்தப் பட்டைக்குள் அடங்க வேண்டும், அதுதான் அளவுகோல். முடி இன்னும் நீளமாகப் பறந்தால் 61ஐக் கூட்டுங்கள். கடைசியில் ஒட்டும்போது மூலப்படத்தின் நிறத்தை எடுக்காமல் `F`-இலுள்ள நிறத்தையே எடுக்க வேண்டும். எத்தனை பங்கு என்று சொல்லும் ஆல்ஃபாவை மட்டும் எடுத்துக்கொண்டு `F`-ஐ மறந்துவிட்டால் ஒளிவட்டம் அப்படியே திரும்பி வரும்.

இதை முழு 12 மெகாபிக்சல் படத்துக்கும் ஓட்ட முயலாதீர்கள். ஒவ்வொரு பிக்சலையும் அண்டைப் பிக்சல்களோடு பிணைத்து ஒரே பெரிய சமன்பாட்டுத் தொகுதியாகத் தீர்க்கும் முறை இது. நினைவகம் நிரம்பிக் கணினி திணறும். தலைத் துண்டுக்கு மட்டும் ஓட்டினால் போதும். தோளுக்கும் புடவைக்கும் மாடல் தந்த மாஸ்க்கே தாராளம்.

rembg-இலேயே `-a` என்று சேர்த்தால் ட்ரைமேப்பும் மேட்டிங்கும் தானாக நடக்கும். எளிய படங்களுக்கு அது போதும். ஆனால் அதில் பட்டையின் அகலம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அடுத்து வரும் அறிகுறிகளைத் தீர்க்க ட்ரைமேப் நம் கையில் இருந்தாக வேண்டும்.

அறிகுறி: பின்னால் இருந்த ஏதோ ஒன்று முடியாகிவிட்டது

மொட்டைமாடிக்குப் பின்னால் ஒரு மின்கம்பி வானத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சரியாக அக்காவின் உச்சந்தலைக்குப் பக்கத்தில் போயிருந்தது. மேட்டிங் முடிந்ததும் அந்தக் கம்பி 30 பிக்சல் நீளத்துக்கு, தடித்த ஒற்றை முடிபோல, நேராக நீட்டிக்கொண்டு நின்றது.

மேட்டிங்குக்கு மின்கம்பி என்றால் என்னவென்று தெரியாது. சாம்பல் பட்டைக்குள் கருமையான மெல்லிய கோடு இருக்கிறது, பக்கத்தில் உறுதியான முன்னணியும் கருமையாக இருக்கிறது, ஆகவே அதுவும் முன்னணி என்று முடிவுசெய்கிறது. ட்ரைமேப்பைத் திறந்து, கம்பி ஓடும் இடத்தில் 5 பிக்சல் தூரிகையால் கறுப்பு பூசினேன், முடி தொடங்கும் இடத்துக்கு இரண்டு மூன்று பிக்சல் முன்புவரை. மறுபடி ஓட்டியதும் கம்பி காணாமல் போனது. மரக்கிளை, கம்பிவலை, சுவர் விரிசல் எல்லாவற்றுக்கும் இதே மருந்து.

இதே காரணத்தால் கன்னத்தையும் தோளையும் ஒட்டிய இடத்தில் சாம்பல் பட்டையை 5, 6 பிக்சலுக்குக் குறைத்துவிடுங்கள். அங்கே முடி இல்லை. அகலமான பட்டை இருந்தால் மேட்டிங் தோலின் ஓரத்தில் தேவையில்லாத அரைகுறைத் தன்மையை உண்டாக்கும், கன்னம் தேய்ந்ததுபோலத் தெரியும்.

அறிகுறி: மல்லிகையைக் காணோம்

பிரகாசமான வானத்துக்கு முன்னால் வெள்ளை மல்லிகைச் சரம். மாடல் அதன் வெளி ஓரத்துப் பூக்களைப் பாதி விட்டுவிட்டது, மேட்டிங் மீதியையும் கரைத்துவிட்டது. பின்னந்தலையில் எலி கடித்ததுபோல இருந்தது.

மற்ற அறிகுறிகளோடு இதைச் சேர்க்க முடியாது. மேட்டிங் தீர்க்கும் சமன்பாடு I = αF + (1 − α)B. இதில் I கேமரா பதிவுசெய்த நிறம், α முன்னணியின் பங்கு. முன்னணி நிறம் F, பின்னணி நிறம் B இரண்டும் ஒன்றாகிவிட்டால் α எதுவாக இருந்தாலும் வலப்பக்கம் அதே மதிப்புதான் வரும். 0.1 என்றாலும் சரி, 0.9 என்றாலும் சரி. நிறத்திலிருந்து விடை எடுக்கவே முடியாத இடம் அது. வேறு மாடல், வேறு அமைப்பு என்று தேடுவது வீண்.

இங்கே தகவலை நாம்தான் கொடுக்க வேண்டும். படத்தின் மாறுபாட்டை லெவல்ஸில் வலிந்து கூட்டினால், வானம் 240, இதழ் 248 என்ற சிறு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விரியும். அந்தப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ட்ரைமேப்பில் ஒவ்வொரு மொட்டின் உடலையும் வெள்ளையால் பூசினேன். விளிம்பில் 3 பிக்சல் மட்டும் சாம்பலாக விட்டேன். பத்துப் பன்னிரண்டு மொட்டுகள்தான், சில நிமிட வேலை. மொட்டு என்ன வடிவம் என்று நமக்குத் தெரியும், அந்த அறிவைப் பயன்படுத்தும் இடம் இது. வெள்ளைச் சுவருக்கு முன் வெள்ளை வேட்டி கட்டி நிற்பவரின் இடுப்போரமும் இப்படித்தான்.

அறிகுறி: புடவைக்குள் மண்டபம் தெரிகிறது

இளஞ்சிவப்பின் மேல் வைத்துப் பார்த்தபோது முந்தானையின் நடுவில் லேசான இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தது. மாஸ்க்கில் அந்த இடம் 255க்குப் பதிலாக 225. மாடலுக்கு அங்கே சற்றுச் சந்தேகம் வந்திருக்கிறது. பட்டின் பளபளப்பில் வானம் பிரதிபலித்த இடம் அது. கெட்டியான துணி அரைகுறையாக ஊடுருவித் தெரியக் கூடாது என்பதால், விளிம்பிலிருந்து 10 பிக்சல் உள்ளே போனதும் எல்லாவற்றையும் 255 ஆக்கிவிட்டேன்.

ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. இடுப்பில் கை வைத்து நின்றால் கைக்கும் உடலுக்கும் இடையில் ஒரு முக்கோண இடைவெளி வரும். அங்கே தெரிவது வானம், அது வெட்டப்பட வேண்டும். ஓட்டைகளை மொத்தமாக அடைக்கும் கட்டளை அதையும் அடைத்துவிடும். மெல்லிய தாவணி, கண்ணாடிப் புடவை என்றால் அரைகுறைத் தன்மைதான் உண்மை, அதை அப்படியே விட வேண்டும். ஆகவே திட்டு வந்த இடத்தை மட்டும் தேர்ந்து நிரப்புங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம், ஆளுக்கு வெளியே கிடக்கும் 3, 4 என்ற மதிப்பு அழுக்கு. முடியிலிருந்து தள்ளி இருக்கும் இடத்தில் 10க்குக் கீழே இருக்கும் எல்லாவற்றையும் பூஜ்ஜியமாக்கிவிடலாம். முடிப் பகுதியில் அப்படிச் செய்தால் மிக மெல்லிய நுனிகள் போய்விடும்.

அறிகுறி: ஆளைத் தொட்டால் சட்டை மட்டும் வருகிறது

அக்கா தம்பிக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஆகவே குழுப்படத்தில் தம்பிக்கும் ஒரு மாஸ்க் தேவை. இருபது பேர் நெருக்கி நிற்கும் படத்தை rembg-க்குக் கொடுத்தால் இருபது பேரையும் ஒரே கட்டியாகத் தரும். அந்த வகை மாடலுக்கு "இவர்" என்று சுட்டிக்காட்ட வழியில்லை. சுட்டிக்காட்டக்கூடிய மாடல் வேண்டும். மெட்டா நிறுவனம் 2023இல் வெளியிட்ட செக்மென்ட் எனிதிங் அந்த வகை.

தம்பியின் மார்பில் ஒரு புள்ளி வைத்தேன். சட்டை மட்டும் வந்தது. இது பிழையல்ல. ஒரு புள்ளிக்குச் சட்டைப்பை, சட்டை, முழு ஆள் என்று மூன்று நியாயமான அர்த்தங்கள் உண்டு. அதனால்தான் இந்த மாடல் ஒரு புள்ளிக்கு மூன்று மாஸ்க்குகளையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்ணையும் தருகிறது. அதிக மதிப்பெண் பெற்றது நமக்கு வேண்டியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் கேட்டுவிட்டால் தீர்ந்தது: ஆளைச் சுற்றி ஒரு பெட்டி, முகத்திலும் மார்பிலும் "ஆம்" புள்ளிகள், பக்கத்தில் நிற்பவரின் தோளில் "இல்லை" புள்ளி. கீழே `predictor` என்பது ஏற்கெனவே ஏற்றி வைத்த அந்த மாடல், `kuzhu` என்பது குழுப்படம்.

```python
predictor.set_image(kuzhu)   # RGB
masks, scores, _ = predictor.predict(
    box=np.array([1410, 620, 2030, 2650]),
    point_coords=np.array([[1715, 790], [1700, 1400], [2010, 1350]]),
    point_labels=np.array([1, 1, 0]),
    multimask_output=False)
```

புள்ளியை முகத்தில் வைத்தும் மாஸ்க் எங்கோ மூலையில் சுவரில் விழுந்தால், எண்களின் வரிசையைப் பாருங்கள். மாடலுக்கு முதலில் குறுக்கு, பிறகு உயரம். நம்பை அணியில் படத்தைப் படிக்கும்போது முதலில் வரி, பிறகு நிரல். அதாவது தலைகீழ். மாஸ்க் இடம் சரி, ஆனால் தரம் மட்டும் ஏனோ குறைவு என்றால், ஓபன்சிவி தந்த நீலம், பச்சை, சிவப்பு வரிசையிலேயே படத்தைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மாடல் அதை எதிர்த்து எதுவும் சொல்லாது, நீல முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் தரும்.

இந்த மாடலின் மாஸ்க் ஆம் அல்லது இல்லை என்ற வடிவில் வரும், இடைப்பட்ட மதிப்புகள் இல்லை. உள்ளே அது 256 என்ற சிறிய கட்ட அளவில்தான் மாஸ்க்கைக் கணித்துப் பெரிதாக்குகிறது. ஆகவே விளிம்பு சற்று அலையும். தம்பியின் தோள் வெள்ளைச் சட்டையின் நேரான விளிம்பு. அங்கே தோளிலிருந்து முழங்கைவரை பேனா கருவியால் கையாலேயே கோடு போட்டேன். தெளிவான, நீளமான, வளைவு குறைந்த விளிம்புக்கு இன்றும் அதுதான் சுத்தமாக வருகிறது. அவர் தலைமுடி ஒட்ட வெட்டியது, மேட்டிங் தேவைப்படவில்லை.

அறிகுறி: எல்லா இடத்திலும் ஒரே அளவில் மெல்லிய கறுப்புக் கோடு

முடி, தோள், கை என்று வேறுபாடில்லாமல் சுற்றிலும் ஒரே மாதிரி கறுப்புக் கோடு வந்தால் மாஸ்க்கைத் தொடாதீர்கள். கோப்பைக் கைமாற்றும்போது நடந்த தவறு அது. சில மென்பொருள்கள் நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கிச் சேமிக்கும். திறக்கும் மென்பொருள் அது பெருக்கப்படாதது என்று எண்ணி இன்னொரு முறை பெருக்கினால் விளிம்பு இருண்டுவிடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அந்தக் கோப்பின் `Interpret Footage` சாளரத்தில் ஆல்ஃபா வகையை மாற்றினால் கோடு உடனே மறையும். `F`-ஐயும் `alpha`-வையும் தனித்தனிக் கோப்புகளாக வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

அறிகுறி: விளிம்பு குற்றமற்றது, ஆனாலும் ஒட்டியதுபோலத் தெரிகிறது

நான்கு நிறங்களின் மேலும் சுத்தமாக இருந்தால் மாஸ்க் வேலை முடிந்தது. அதற்கு மேலும் மாஸ்க்கை நோண்டினால் இருப்பதும் கெடும். இந்தப் படத்தில் மிச்சமிருந்தது இரண்டு. மண்டபப் படம் குறைந்த வெளிச்சத்தில் எடுத்தது, அதில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் இருந்தன. அக்கா வெயிலில் எடுத்ததால் வழவழப்பாக இருந்தார். அவர் அடுக்கில் அதே அளவுக்குப் புள்ளி இரைச்சல் சேர்த்தேன். அடுத்து, தம்பியின் தோள் அக்காவின் புடவைமேல் எந்த நிழலும் போடவில்லை. தோள் விளிம்பை ஒட்டி, 40 பிக்சலில் கரையும் மெல்லிய நிழல் ஒன்று வைத்ததும் அவர் தம்பிக்குப் பின்னால் போய் நின்றார்.

இரண்டாம் பிரதியை 12×18 அங்குலத்தில் அச்சிட்டுக் கொடுத்தேன். அம்மா முதலில் மகளின் தலையைப் பார்க்கவில்லை. "பூ நிறைய வைத்திருக்கிறாள்" என்றார்.